குதிகால் வலியும் எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுரீரென்று வலி. கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கு மாலையில் மீண்டும் வருகிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை பழுதுபட்டால் வலி இப்படித்தான் வரும்.

எக்ஸ்ரேயில் குதிகாலடியில் முள் போல எலும்பு நீட்டியிருக்கலாம். வலிக்கு அதுதான் காரணம் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. கடுமையாக வலிக்கும் சிலருக்கு அது இருப்பதில்லை. எலும்பு விரிசல் போன்ற வேறு காரணங்களை விலக்கவே அந்தப் படம் உதவுகிறது.

ஈரக் காலடித் தடமும் ஓரளவுதான் சொல்லும். நடுப்பாதம் முழுதும் பதிந்தால் தட்டைப் பாதம். அங்கே ஏதும் பதியாவிட்டால் உயர்ந்த வளைவு. இரண்டிலும் நார்ப்பட்டையின் மீது இழுவிசை கூடலாம்.

குதிகாலடியின் உட்புற முன்பகுதியை மருத்துவர் அழுத்தும்போது குறிப்பிட்ட ஓரிடம் வலிப்பதே முக்கிய அடையாளம்.

படுக்கையிலிருந்து இறங்குமுன் கால்விரல்களைக் கணுக்கால் பக்கமாக இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இதை 10 முறை, நாளுக்கு 3 வேளை. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றி ஓராண்டுக்குள் குணமாகிறது. மரத்துப்போதல், வீக்கம், ஓய்விலும் நீடிக்கும் வலி இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.