நெற்றியில் ஒட்டிய அட்டை: 'தி ஆபீஸ்' ஏன் இவ்வளவு சீக்கிரம் சிரிக்க வைக்கிறது?

நம்ம வீட்டு டீனேஜ் பிள்ளைகள் 'தி ஆபீஸ்' தொடரை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரை ஒன்பது சீசன் ஓடிய தொடர். ஸ்க்ரான்டன் என்ற ஊரில், காகிதம் விற்கும் ஒரு சாதாரண கம்பெனிக் கிளை. பெரிய கதை கிடையாது. ஆனாலும் ஜிம் ஒரு வார்த்தை பேசாமல் கேமராவைத் திரும்பிப் பார்த்தாலே போதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பக்கத்தில் முதல் முறை பார்க்கிற தாத்தாவுக்கோ, "இதுல என்ன சிரிப்பு?" என்று இருக்கும்.

தாத்தா கேட்பது நியாயமான கேள்வி. ஒரு ஜோக்குக்கு இரண்டு பாகம் உண்டு. முதலில் சூழ்நிலையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும், பிறகு வெடியைப் போட வேண்டும். ஒரு எபிசோட் சுமார் 22 நிமிடம். அதில் பத்துப் பதினைந்து பேர் வந்து போகிறார்கள். ஒவ்வொரு ஜோக்குக்கும் முதல் பாகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போதாது. அதனால் எழுத்தாளர்கள் அந்த முதல் பாகத்தை ஆட்களுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். இவர் இப்படிப்பட்டவர் என்று நமக்கு ஏற்கனவே தெரியும். இரண்டாவது பாகம் மட்டும் வந்தால் போதும். தாத்தாவுக்கு ஜிம்மைத் தெரியாது, அவ்வளவுதான்.

"இப்படிப்பட்டவர்" என்றால் எப்படிப்பட்டவர்? இதற்கு முதல் சீசனின் இரண்டாவது எபிசோடான 'டைவர்சிட்டி டே' நல்ல உதாரணம். மேனேஜர் மைக்கேல் ஸ்காட், கிறிஸ் ராக் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சியை ஆபீஸில் அப்படியே செய்து காட்டியிருக்கிறார். புகார் போய், தலைமை அலுவலகம் பயிற்சி கொடுக்க ஒருவரை அனுப்புகிறது. உண்மையில் மைக்கேல் ஒருவருக்காகத்தான் அந்தப் பயிற்சியே. இது தெரிந்ததும் அவருக்குத் தாங்கவில்லை. நானே இதைவிட நல்ல பயிற்சி நடத்துகிறேன் என்று கிளம்புகிறார். ஒவ்வொரு இனத்தின் பெயரையும் அட்டையில் எழுதி, ஆளுக்கு ஒன்றாக நெற்றியில் வைக்கச் சொல்கிறார். உங்கள் அட்டையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் அந்த இனத்தைப் பற்றி ஊரில் சொல்வதையெல்லாம் சொல்லி, உங்களைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும்.

இங்கே கவனியுங்கள். எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே விளையாட்டு, ஆனால் ஒவ்வொருவரும் அதை ஆடுகிற விதம் வேறு. மைக்கேலுக்கு எல்லாரும் தன்னை நேசிக்க வேண்டும், சூப்பர் பாஸ் என்று சொல்ல வேண்டும்; அதனால் தன் அட்டையில் மார்ட்டின் லூதர் கிங் பெயரை எழுதிக்கொள்கிறார். ரிசப்ஷனிஸ்ட் பாம் யார் மனதையும் புண்படுத்தத் தெரியாதவர். எதிரே டுவைட்டின் நெற்றியில் 'ஆசியர்' என்ற அட்டை. இதெல்லாம் உண்மையில்லை, எனக்கு இதில் உடன்பாடும் இல்லை என்று சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் நீங்கள் வண்டி சரியாக ஓட்டமாட்டீர்களோ என்று மெதுவாக இழுக்கிறார். டுவைட்டுக்கு எதையும் ஜெயித்தாக வேண்டும், ஆனால் எதிராளியின் சங்கடம் கண்ணிலேயே படாது. அடடா, அப்போ நான் பெண்ணா என்று பதறுகிறார். பாம் அவ்வளவு பாடுபட்டு ஒரு பழிச்சொல்லைத் தவிர்க்கப் பார்க்க, டுவைட் ஒரே நொடியில் இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்.

இரண்டே வரிதான், ஆனால் இரண்டு பேருமே நமக்கு நன்றாகத் தெரிந்துவிட்டார்கள். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும்: உள்ளே போகிற இன்புட் ஒன்று, ஆளுக்கு ஆள் அவுட்புட் வேறு. ஒரு பாத்திரத்தின் டைப் என்பது, இக்கட்டில் அந்த ஆள் எதை விரும்புவார், என்ன செய்வார் என்பதுதான்.

இப்போது நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். அந்த எபிசோடில்தான் கெல்லி கபூர் முதல் முறையாக வருகிறார். நடித்தவர் மிண்டி கேலிங். தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரும்கூட. அப்பா தமிழர், அம்மா வங்காளி. சொக்கலிங்கம் என்ற அப்பா பெயரைச் சுருக்கித்தான் கேலிங் ஆனது. விளையாட்டின் நடுவே கெல்லி அறைக்குள் வருகிறார். மைக்கேல் உடனே இந்திய உச்சரிப்பைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கடைக்காரர் மாதிரி பேச ஆரம்பிக்கிறார். கெல்லி பளார் என்று ஓர் அறை விடுகிறார்.

அந்தக் காட்சியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? மைக்கேலைத்தான். எல்லாரையும் கவர நினைத்து எல்லாரையும் புண்படுத்துவது அவருடைய டைப். பெட்டிக்கடை உச்சரிப்பு அவர் கெல்லியின் நெற்றியில் ஒட்டப் பார்த்த அட்டை. இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான்: டைப் அந்த மனிதரிடமிருந்து வருகிறது, அட்டை வெளியிலிருந்து ஒட்டப்படுகிறது.

இரண்டாவது சீசனிலிருந்து கெல்லிக்குச் சொந்தமாக ஒரு டைப் கிடைக்கிறது. ஓயாத வாய், சினிமா நட்சத்திரங்களின் கிசுகிசு, ரயன் என்ற பையன் மேல் பைத்தியம். 2006-இல் வந்த 'தீபாவளி' எபிசோடை எழுதியதும் கேலிங்தான். அதில் இந்தப் பண்டிகை எப்படி வந்தது என்று கேட்டால், கெல்லிக்குத் தெரியவில்லை, ரொம்பப் பழசு என்கிற மாதிரி சொல்லிச் சமாளிக்கிறார். இங்கே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தப் பதில் சுருக்கென்று குத்தும், சிரிப்பும் வரும். நம் பிள்ளைகளிடம் பொங்கலைப் பற்றி யாராவது ஸ்கூலில் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்!

பிள்ளைகளோடு எந்தத் தொடரைப் பார்த்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அந்தப் பாத்திரத்தின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, ஜோக் நிற்கிறதா என்று கேளுங்கள். கெல்லியை ஐரிஷ் குடும்பத்துப் பெண்ணாக்கினாலும் ரயனைத் துரத்துகிற ஜோக் அப்படியே நிற்கும், அது டைப். பெட்டிக்கடை உச்சரிப்பில் இந்தியாவை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது, அது அட்டை. தீபாவளி ஜோக் நடுவில் இருக்கிறது. பண்டிகை மாறலாம், ஆனால் சொந்தப் பண்டிகை தெரியாமல் முழிப்பது எந்தக் குடியேறிய வீட்டுப் பிள்ளைக்கும் நடக்கும். ஜோக் கெல்லி சமாளிக்கிற விதத்தில் இருக்கிறது, அதனால் தாங்குகிறது.

டைப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு. ரொம்ப நாள் ஓடினால் அதுவே அட்டையாக இறுகிவிடும். அக்கவுன்டன்ட் கெவினைப் பாருங்கள். ஆரம்பத்தில் மெதுவாகப் பேசுகிற, அசமந்தமான ஆள், அவ்வளவுதான். இரண்டாவது சீசன் சூதாட்ட இரவில், உலகப் போக்கர் போட்டி ஒன்றில் ஜெயித்தவன் நான் என்கிறார். அடுத்த நிமிடம் ஃபிலிஸிடம் தோற்கிறார். தனக்கென்று ஒரு வாழ்க்கை உள்ள மனிதர். போகப் போக 'மெதுவான ஆள்' என்பது 'முட்டாள்' என்று சுருங்கியது. கடைசி சீசனில் கணக்கு ஒத்துப்போக 'கெலெவின்' என்று சொந்தமாக ஓர் எண்ணையே கண்டுபிடித்திருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தப் போக்கர் ஆடிய கெவினை எங்கே தேடுவது? ஒரு பாத்திரம் நம்மை ஆச்சரியப்படுத்துவதை நிறுத்திவிட்டால், டைப் அட்டையாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த முறை பிள்ளைகள் அந்தத் தொடரைப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இந்த ஜோக் இவரோடதா, இவர் மேல ஒட்டினதா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் தங்கள் நெற்றியிலும் யாரோ ஓர் அட்டை ஒட்டப் பார்த்த நாளை அவர்கள் அப்போது சொல்லக்கூடும்.