இரும்புச் சட்டியில் சமைத்தல்: உணவில் கலக்கும் இரும்பும் உடலில் சேரும் இரும்பும்

முன்னுரை

இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்பது பரவலான கருத்து. இக்கருத்து சரியானதே. ஆயினும், எவ்வளவு கூடுகிறது, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்னும் இரு வினாக்களும் வேறுவேறானவை. அவற்றை ஓர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு தனித்தனியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவுக்கு உணவு மாறும் அளவு

பிரிட்டின், நாஸ்மன் ஆகியோர் 1986-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், இருபது உணவுகளை வார்ப்பிரும்புச் சட்டியில் சமைத்து இரும்பின் அளவைக் கணித்தனர். இனிப்புச் சேர்க்காத ஆப்பிள் கூழில் 100 கிராமுக்கு 0.35 மி.கி. ஆக இருந்த இரும்பு, சமைத்தபின் 7.38 மி.கி. ஆயிற்று. தக்காளி சேர்ந்த ஸ்பாகெட்டிச் சாற்றில் 0.61 மி.கி. என்பது 5.77 மி.கி. ஆக உயர்ந்தது. ஆனால் சோள ரொட்டியில் 0.67 மி.கி. என்பது 0.86 மி.கி. என்ற அளவோடு நின்றுவிட்டது.

இவ்வேறுபாட்டிற்கு அவர்கள் கண்ட காரணங்கள் மூன்று: உணவின் அமிலத்தன்மை, அதிலுள்ள ஈரம், சமைக்கும் நேரம். அமிலம் சட்டியின் மேற்பரப்பிலுள்ள இரும்பை அயனியாகக் கரைக்கிறது. அவ்வயனி உணவுக்குள் பரவ நீர் வேண்டும். இவ்விரண்டும் நிகழக் காலம் வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்பைக் கரைப்பதோடு அதனைப் பிணைத்துக் கரைசலிலேயே நிறுத்தவும் வல்லது. ஆகவே இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கும் புளிக்குழம்பு, மேற்கண்ட தக்காளிச் சாற்றின் வகையைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஓரிரு நிமிடங்களில் வெந்துவிடும் தோசையோ சோள ரொட்டிக்கு நெருக்கமானது. மேலும், எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிய சட்டியில் கெட்டிப்பட்ட எண்ணெய்ப் படலம் இரும்புக்கும் உணவுக்கும் இடையே திரையாக நிற்கிறது. புதிய சட்டி பழைய சட்டியைவிட மிகுதியான இரும்பைத் தந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்துள்ளது.

அளவீட்டில் நேரும் பிழை

சமைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை நேரே கழித்தால் கிடைப்பது முழுவதும் சட்டி தந்த இரும்பு அன்று. கொதிக்கும்போது நீர் ஆவியாவதால், வெளியிலிருந்து இரும்பு சேராமலேயே 100 கிராமுக்குரிய அளவு உயரும். எடுத்துக்காட்டாக, மேற்கண்ட தக்காளிச் சாறு பாதியாகச் சுண்டியது எனக் கொள்வோம். அதிலிருந்த 0.61 மி.கி. தானாகவே 1.22 மி.கி. ஆகிவிடும். அப்போது சட்டியிலிருந்து வந்தது ஏறத்தாழ 4.5 மி.கி. மட்டுமே. எனவே அதே உணவை அதே நேரம் கண்ணாடிப் பாத்திரத்திலும் சமைத்து, உலர் எடை அடிப்படையில் இரண்டையும் ஒப்பிடுவதே முறையாகும். குழம்பு கறுப்பதையும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. காய்கறியிலும் புளியிலும் உள்ள டானின்கள் சிறிதளவு இரும்போடு சேர்ந்தாலும் நிறம் கறுத்துவிடும்.

உடலில் சேரும் பங்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்பு தேவை. ஒருவர் அச்சாற்றில் 100 கிராம் உண்டால் சட்டி தரும் 4.5 மி.கி. இத்தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் இது தாவர உணவிலுள்ள இரும்பைப் போன்று ஹீம் அல்லாத வகையைச் சேர்ந்தது. குடலில் ஐந்து விழுக்காடு உறிஞ்சப்பட்டால் உடலில் சேர்வது 0.2 மி.கி. அளவே, பத்து விழுக்காடாயின் 0.45 மி.கி. தானியங்களிலுள்ள ஃபைட்டேட்டும் தேநீரிலுள்ள பாலிஃபீனால்களும் இவ்விழுக்காட்டைக் குறைக்கும். வைட்டமின் சி கூட்டும்.

சிறிய அளவாயினும் நாள்தோறும் சேர்வதால் பயன் உண்டு என்பதற்கு எத்தியோப்பிய ஆய்வு சான்றாகிறது. 1999-இல் வெளியான அவ்வாய்வில், ஓராண்டு இரும்புப் பானையில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின் சராசரியாக டெசிலிட்டருக்கு 1.7 கிராம் உயர்ந்தது. அலுமினியப் பானைக் குழுவில் 0.4 கிராம் மட்டுமே உயர்ந்தது. மாறாக, கம்போடியாவில் சமைக்கும் நீரில் இரும்புக் கட்டியை இட்டு நடத்திய ஓர் ஆய்வு, 2017-இல் வெளியான அதன் முடிவின்படி, ஹீமோகுளோபினை உயர்த்தவில்லை. அங்கு இரத்தசோகைக்கு மரபுவழி ஹீமோகுளோபின் குறைபாடுகள் பெரிதும் காரணமாக இருந்தமையும் இரும்புக் குறைபாடு அரிதாக இருந்தமையுமே இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டன.

முடிவுரை

இரும்புச் சட்டி தரும் இரும்பு, சட்டியை மட்டும் பொறுத்ததன்று. அதில் கொதிக்கும் உணவையும் கொதிக்கும் நேரத்தையும் சார்ந்தது. அது பயன் தருமா என்பது உண்பவரின் குறைபாடு இரும்புக் குறைபாடுதானா என்பதைச் சார்ந்தது. ஆதலின் நம் உணவுகள் குறித்து ஆய்வோர், ஒரே சட்டியில் சமைத்த புளிக்குழம்பையும் தோசையையும் தனித்தனியே அளந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் சமைத்தவற்றோடு ஒப்பிட்ட பின்னரே அளவு குறித்து முடிவு கூறுதல் தகும்.