10 மைல் வேகத்தில் வரும் கார் எங்கே நிற்கும்?

1920-களில் ஓடிய கார்களில் பிரேக் பிடித்ததும் வண்டி எத்தனை அடி ஓடி நின்றது என்ற 50 பதிவுகள் R மென்பொருளில் `cars` என்ற பெயரில் இருக்கின்றன. வேகத்தோடு தூரத்தைப் பொருத்தி ஒரு நேர்கோடு வரைந்தால், மணிக்கு 10 மைல் வேகத்தில் வரும் கார் சுமார் 22 அடியில் நிற்கும் என்று அது சொல்கிறது. ஒரே கார் சரியாக அங்கேயே நிற்காது என்பதால், 95 சதவீத வாய்ப்புள்ள எல்லைகளையும் கேட்கிறோம். வழக்கமான சூத்திரம் மைனஸ் 10 அடி முதல் 53 அடி வரை என்கிறது. எந்தக் காரும் மைனஸ் 10 அடியில் நிற்காது.

பிழைகள் கோட்டுக்கு மேலும் கீழும் மணி வடிவில் சமமாகச் சிதறும் என்று சூத்திரம் நம்புகிறது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு பதிவும் கோட்டிலிருந்து விலகும் அளவை எச்சம் என்பார்கள். கீழ்ப்பக்கம் மிகப் பெரிய எச்சம் 29 அடி, மேல்பக்கம் 43 அடி.

1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறை, அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு எச்சங்களையே பயன்படுத்த வழி தருகிறது. 50 எச்சங்களிலிருந்து ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். இப்படி 50 முறை எடுத்தவற்றைக் கோட்டின் மதிப்புகளோடு கூட்டினால் ஒரு புதிய தரவு கிடைக்கும். அதற்கு மறுபடி கோடு பொருத்தி, 10 மைலுக்கான மதிப்பைக் கணித்து, அதோடு இன்னும் ஓர் எச்சத்தைக் கூட்ட வேண்டும். இந்தக் கடைசிக் கூட்டலை மறந்தால் கோட்டின் தடுமாற்றம் மட்டுமே கிடைக்கும், காரின் சிதறல் விடுபட்டுப்போகும். இதையெல்லாம் சில ஆயிரம் முறை செய்து, இரு முனைகளிலும் இரண்டரை சதவீதத்தை வெட்டினால் எல்லைகள் கிடைக்கும்.

விடை சுமார் மைனஸ் 3 முதல் 64 அடி வரை. சாய்வு இப்போது தெரிகிறது, ஆனாலும் மைனஸ் போகவில்லை. காரணம் தரவிலேயே இருக்கிறது. 10 மைல் வேகத்தில் பதிவான மூன்று தூரங்களும் 18, 26, 34 அடிதான். 24 மைலிலோ 70 முதல் 120 அடி வரை சிதறல். எந்த எச்சமும் எந்த வேகத்துக்கும் பொருந்தும் என்று இந்த முறை எடுத்துக்கொள்வதால், வேகமான காரின் 43 அடி விலகல் மெதுவான காரின் தலையில் ஏறிவிடுகிறது. எச்சங்களை வேகத்துக்கு எதிராக வரைந்து பார்த்தால் புனல்போல விரிவது கண்ணுக்கே தெரியும். கணக்குக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

தூரத்துக்குப் பதில் அதன் வர்க்கமூலத்துக்குக் கோடு பொருத்தினால் புனல் பெருமளவு அடங்கும். 10 மைலில் கீழ் எல்லையும் மைனஸுக்குப் போகாது. ஆனால் இன்னொரு குறை அப்படியே நிற்கிறது. 50 எச்சங்களில் இரண்டரை சதவீதம் என்பது ஒன்றேகால் எச்சம். மேல் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மிகப் பெரிய ஒரு சில எச்சங்கள்தான்; அவற்றில் முதலாவது 14 மைல் வேகத்தில் வந்து 80 அடி ஓடிய காருடையது. அதையும் மிஞ்சும் விலகல் எதையும் எத்தனை ஆயிரம் முறை குலுக்கினாலும் எடுக்க முடியாது.