மோட்டார் 4 லட்சம், கரன்ட் 60 லட்சம்

நகராட்சி பட்ஜெட்டில் ‘குடிநீர் மோட்டார் வாங்க ரூ.4 லட்சம்’ என்று ஒரு வரி வரும். அது மூலதனச் செலவு. அதே மோட்டார் தின்னும் கரன்ட், வருவாய்ச் செலவில் எல்லா மோட்டார்களின் பில்லோடும் கலந்து கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் பட்ஜெட்டில் இல்லை. வாங்கச் சொல்லும் குறிப்பிலேயே சேர்த்துக் காட்டினால்தான் உண்டு.

ஓர் உதாரணக் கணக்கு. மணிக்கு 1 லட்சம் லிட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். முதல் பம்ப்செட் 4 லட்சம். மணிக்கு 20 யூனிட் இழுக்கும். இரண்டாவது ஐந்தரை லட்சம். இழுப்பது 16 யூனிட். தினம் 16 மணி நேரம் ஓட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தால், முதலாவதற்கு ஆண்டுக்கு 9.34 லட்சம், இரண்டாவதற்கு 7.48 லட்சம். கூடக் கொடுத்த ஒன்றரை லட்சம் ஒரு வருஷத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

பத்தாம் வருஷம் கட்டப்போகும் பில்லை இன்றைய பில்லோடு அப்படியே கூட்டக் கூடாது. பின்னால் கட்டுவதற்கு இன்றைய மதிப்பு குறைவு. 8 சதவீதம் கழித்தால் பத்தாண்டு கரன்ட் முதலாவதற்கு 62.7 லட்சம், இரண்டாவதற்கு 50.2 லட்சம். விலையும் சேர்த்தால் 66.7-க்கு எதிரே 55.7. குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற டெண்டர் வழக்கம் 11 லட்சத்தை விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கின் உயிர் ஓடும் நேரத்தில் இருக்கிறது. அதே பம்ப்செட் தினம் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் ஸ்டாண்ட்பை என்றால், ஆண்டு மிச்சம் 12 ஆயிரத்தைத் தாண்டாது. அங்கே 4 லட்சத்ததே போதும். ஆகவே நேரத்தை ஆசைக்கு எழுதாமல் பம்ப் ஹவுஸ் லாக் புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஆபரேட்டர் சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் ஒப்பீட்டில் விட்டுவிடலாம். பட்ஜெட்டில் விடக் கூடாது.

குறிப்பில் பலரும் மறப்பது, கழற்றப்போகும் பழைய மோட்டாரின் பில். அதைக் கழிக்காவிட்டால் செலவு இரட்டிப்பாகத் தெரியும். புதியது அக்டோபரில் ஓடத் தொடங்கினால் அந்த ஆண்டுக்கு ஆறு மாத பில்தான். முழுச் சுமை அடுத்த பட்ஜெட்டில் வரும்.

கம்பெனி சொன்ன 16 யூனிட்டை நம்பித்தான் ஐந்தரை லட்சம் கொடுக்கிறோம். அந்த எண், குறிப்பிட்ட உயரத்துக்கும் அளவுக்கும் மட்டும் பொருந்தும். உயரம் மாறினால் மாறிவிடும். அதனால் மாட்டிய அன்றே தனி மீட்டரும் தண்ணீர் மீட்டரும் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். 0.16 வர வேண்டும். 0.2-ஐ ஒட்டி வந்தால், கூடக் கொடுத்த பணத்துக்கு அர்த்தமில்லை. பில் பணத்தில் பிடித்தம் செய்யலாம் என்ற நிபந்தனை டெண்டரிலேயே இருந்தாக வேண்டும். வருஷங்கள் போகப் போக இம்பெல்லர் தேய்ந்து இந்த எண் ஏறும். எவ்வளவு ஏறினால் மாற்றுவது என்பதையும், அதற்கான தொகையையும் முதல் குறிப்பிலேயே எழுதி வைத்தால், ஆறாம் வருஷ ரிப்பேர் பில் திடீர்ச் செலவாக வந்து நிற்காது.