கால்குலேட்டர் காட்டும் இலக்கங்களை எதுவரை நம்பலாம்?

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவரின் நோட்டில் இரண்டே அளவுகள்: ஊசலின் நீளம் 0.850 மீட்டர், 20 அலைவுகளுக்கு 37.0 வினாடி. அலைவு நேரம் 1.85 வினாடி, அதன் வர்க்கம் 3.4225. அதை 4π²L/T² என்ற சூத்திரத்தில் இட்டால் கால்குலேட்டர் 9.80472 என்று காட்டும்.

வர்க்கத்தை நடுவிலேயே 3.4 என்று சுருக்கினால் விடை 9.87 ஆகிவிடும். ஆகவே இடைப்படிகளில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் முழுமையாக்க வேண்டும்.

கடைசியில் எத்தனை இலக்கம்? அளவுகளில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் இருப்பதால் 9.80 என எழுதத் தோன்றும். ஆனால் நிறுத்துக்கடிகாரத்தைக் கையால் அழுத்துவதில் 0.2 வினாடி பிசகலாம்; அது சுமார் அரை சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் பிழை இரட்டிப்பாகி ஒரு சதவீதம், அதாவது 0.1 ஆகிறது.

எனவே நேர்மையான விடை 9.8 ± 0.1 மீ/வி².