சுருக்கம் இருக்கட்டும், ஆழம் குறையட்டும்

சதாபிஷேக அழைப்பிதழ்களிலும் அறுபதாம் கல்யாண பேனர்களிலும் அடிக்கடி ஒரு விநோதம் கண்ணில் படும். எண்பது வயதுப் பெரியவரின் நெற்றி அவர் பேரனுடைய நெற்றியைவிட வழுவழுப்பாக இருக்கும். கழுத்தும் கையும் மட்டும் எண்பதிலேயே நிற்கும். வீட்டார் படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் மகிழ்வார்கள். இரண்டாம் பார்வையில், "அப்பா மாதிரியே இல்லையே" என்று இழுப்பார்கள்.

ஸ்டூடியோக்காரரைக் கேட்டால், "நல்லா இருக்கணும்னுதாங்க டச்சப் பண்ணினேன்" என்பார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. கோளாறு பெரும்பாலும் அவர் எடுத்த கருவியில் இருக்கிறது. அவசரத்தில் பலரும் செய்வது, முகம் முழுவதையும் மங்கலாக்கும் 'பிளர்' வகை ஃபில்டர் ஒன்றைப் போட்டு, கண்ணையும் வாயையும் மட்டும் தெளிவாக விட்டுவிடுவதுதான். மங்கலாக்கும்போது படத்தில் முதலில் அழிவது மிக நுண்ணிய விவரம். முகத்தில் மிக நுண்ணியது சுருக்கம் அல்ல, தோலின் துளைகள். அவை போன பிறகும் ஆழமான சுருக்கம் மைக்கறை போல நிற்கும். அதையும் போக்க ஃபில்டரைக் கூட்டினால் முகம் பிளாஸ்டிக் ஆகிவிடும். தோலைத் தோலாகக் காட்டுவது அந்தத் துளைகள்தான்.

உண்மையில் படத்தில் 'கோடு' என்று எதுவும் இல்லை. தோல் மடிந்த இடத்தில் வெளிச்சம் புகாத பள்ளம் கருப்பாகத் தெரிகிறது. அதை ஒட்டிய மேடு வெளிச்சம் வாங்கிப் பளிச்சென்று தெரிகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கண் ஆழம் என்று படிக்கிறது. வித்தியாசத்தைக் குறைத்தால் ஆழம் குறையும். கோடு இருந்த இடத்திலேயே, அதே நீளத்தில், அதே வளைவில் இருக்கும். மனிதரும் அடையாளம் மாறாமல் இருப்பார்.

ஃபிலிம் காலத்து டச்சிங் கலைஞர்களுக்கு இது கைவந்த பாடம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: அச்சில் கருப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கண்ணாடிக் கீற்றாகத் தெரியும். பென்சில் பிடிக்கும்படி நெகட்டிவின் மேல் ஒருவகை வார்னிஷைத் தேய்த்து, கீழிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் அதை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்தக் கீற்றைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். நிரப்பிய அளவுக்கு அச்சில் சுருக்கம் வெளுக்கும். எவ்வளவு நிரப்புவது என்பதில்தான் கலைஞரின் கை தெரியும். முழுக்க நிரப்பினால் முகம் மாவு பூசியது போலாகும். பாதியில் நிறுத்தினால் ஆள் ஆளாக இருப்பார். இன்றைக்குப் பென்சிலின் இடத்தில் மவுஸ் வந்திருக்கிறது. பாதியில் நிறுத்துவது மட்டும் குறைந்துவிட்டது.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்பது வயதுப் பெரியவர், வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை, முகத்தில் சிரிப்பு. முற்றத்தில் உச்சி வெயிலில் எடுத்த படம். நெற்றியில் குறுக்காக மூன்று ஆழமான கோடுகள், அவற்றுக்கிடையே சில துண்டுக் கோடுகள். இரண்டு கண்களின் வெளியோரத்திலும் விசிறி போல் விரியும் நான்கைந்து கோடுகள். ஒரே முகம், ஒரே வயது என்றாலும் இந்த இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

முதலில் நெற்றி. இங்கே கோடுகளுக்கு நடுவே அகலமான, நல்ல தோல் இருக்கிறது. அதனால் போட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ் இங்கே சரியாக வேலை செய்யும். எடுத்துக் காட்டும் இடத்திலிருந்து தோலின் துளைகளையும், ஒட்டவைக்கும் இடத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து நிறத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக் கலப்பது அதன் குணம். மூலப் படத்தைத் தொடாமல், மேலே ஒரு வெற்று லேயர் திறந்து, Sample என்ற இடத்தில் Current & Below என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிரஷ் கோட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். கோட்டுக்கு மேலேயோ கீழேயோ உள்ள தோலை Alt விசையோடு சொடுக்கி எடுத்து, கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் அதே துளைகள் வரிசையாக வந்து அச்சுக் குத்தியது போலாகும். எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூன்று கோடுகளையும் இப்படி முழுசாக அழித்த நிலையில் படம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அது இருக்கட்டும். இனிதான் முக்கியமான காரியம்: அந்த லேயரின் Opacity அளவை 100லிருந்து மெல்லக் கீழே இறக்க வேண்டும். நாற்பது, ஐம்பது பக்கம் வரும்போது கோடுகள் திரும்பத் தலைகாட்டும், ஆனால் முன்பிருந்த முரட்டுத்தனம் இருக்காது. துண்டுக் கோடுகளைத் தனி லேயரில் வைத்திருந்தால் அவற்றை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மறைக்கலாம். ஆளை அடையாளம் காட்டுபவை அந்த மூன்று பெரிய கோடுகள்தான்.

இந்தப் படத்தில் தனித் தலைவலி ஒன்று உண்டு: விபூதி. அதன் பட்டையும் நெற்றிக் கோடும் ஒரே திசையில் ஓடுகின்றன. திருநீறு பள்ளத்தில் தங்கி அங்கங்கே உடைந்திருக்கும். ஹீலிங் பிரஷ் பட்டையின் ஓரத்தைத் தொட்டதும் சுற்றியிருக்கும் வெள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்து தோலில் அழுக்குச் சாம்பலாகப் பூசிவிடும். பட்டைக்கு அடியிலுள்ள கோட்டை அழித்தாலோ, நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டியது போல விபூதி மிதக்கும். ஆகவே பட்டையின் மேல் கையே வைக்காமல், அதன் ஓரத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது நல்லது. தலைமுடி ஓரத்திலும் புருவத்தின் மேலும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே வெள்ளைக்குப் பதில் கருப்பு இழுபடும்.

அடுத்து கண்ணோரம். இங்கே ஹீலிங் பிரஷ் உதவாது. இடம் குறுகல், தோல் மெல்லிசு, பக்கத்திலேயே இமைமுடி. இங்கே வெளிச்சத்தை மட்டும் தொடும் முறைதான் ஏற்றது. Soft Light முறையில், ஐம்பது சதவீதச் சாம்பல் நிறத்தால் நிரப்பிய ஒரு லேயர் திறந்தால் படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதன்மேல் வெள்ளை பிரஷால் வரைந்தால் அடியிலுள்ள இடம் வெளுக்கும், கருப்பால் வரைந்தால் இருளும். தோலின் துளைகள் அப்படியே இருக்கும். பிரஷின் Flow அளவை மூன்று நான்கு சதவீதத்தில் வைத்து, பள்ளத்தின் அகலத்துக்கு மிஞ்சாத பிரஷால், கோட்டோடு கோடாக நாலைந்து முறை ஓட்டினால் இருட்டு மெல்லக் கரையும். பலரும் இதோடு எழுந்துவிடுகிறார்கள். பள்ளம் வெளுத்துவிட்டது, மேடு இன்னும் மினுங்குகிறது என்றால் கண்ணோரத்தில் எண்ணெய் வழிந்தது போலிருக்கும். மேட்டையும் கருப்பால் ஒன்றிரண்டு முறை தொட்டு அடக்கினால்தான் வேலை முடியும். நம் மாநிறத் தோலில் இப்படி வெளுக்கும்போது பள்ளத்துக்குள் சில நேரம் சாம்பல் படரும். Color முறையில் இன்னொரு லேயர் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து லேசாகப் பூசினால் சரியாகும்.

எவ்வளவு குறைப்பது? நெற்றியில் பாதி என்றால் இங்கே கால்வாசி. காரணம் சிரிப்பு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். பல் இல்லாத ஒரு முதியவரின் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று படம் எடுத்தவர் அவர். உதட்டோரத்தை நினைத்தபோது தூக்கலாம், கண்ணைச் சுற்றிய தசையோ உண்மையான மகிழ்ச்சியில்தான் இறுகும் என்பது அவர் கண்டது. டார்வின் 1872இல் அந்தப் படங்கள் சிலவற்றைத் தம் நூலில் எடுத்துக்கொண்டார். கண்ணோரக் கோட்டை முழுக்கத் துடைத்தால் நம் பெரியவரின் வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. பார்ப்பவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் படும்.

மிஞ்சிவிட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. திரையில் முந்நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி வேலை செய்பவர் கட்டாயம் மிஞ்சுவார், ஏனென்றால் அந்த அளவில் எல்லாமே அசிங்கமாகத் தெரியும். அச்சாகப் போகும் அளவில் வைத்து, லேயரை மறைத்தும் காட்டியும் பார்க்க வேண்டும். மாற்றம் பளிச்சென்று துள்ளினால் அதிகம். பிறகு நெற்றியிலிருந்து கண்ணைக் கழுத்துக்கும் காது மடலுக்கும் கைக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரே ஆளின் தோலாக எல்லாம் தெரிகிறதா? இல்லையென்றால் கழுத்தைத் திருத்தப் போகாமல், நெற்றியில் செய்ததைக் குறைக்க வேண்டும்.

சொல்லப்போனால் இந்த வேலையில் பாதி கேமராவைத் தூக்கும்போதே தவிர்க்கக்கூடியது. நெற்றிக் கோடுகள் குறுக்காக ஓடுவதால், மேலிருந்து விழும் வெயிலோ டியூப்லைட்டோ ஒவ்வொன்றிலும் நிழலை நிரப்பும். பெரியவரை வாசல் நிழலில், வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்தால் நிழல் தானே கரையும். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் இருந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். வயதில் இமை தொங்கியவர்கள் பார்க்க வேண்டி புருவத்தையும் தூக்குவார்கள். அந்த நொடியில் கோடுகள் இரட்டிப்பாகும். வழக்கமாகக் கண்ணாடி போடுபவரைக் கழற்றச் சொன்னால் கண்ணை இடுக்குவார், கண்ணோரம் சுருங்கும்.

தொடவே கூடாத படங்களும் உண்டு. பாஸ்போர்ட் படத்தில் முகத்தைத் திருத்துவது விதிப்படி செல்லாது. 1867இல் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலின் படம் இன்னொரு வகை. எழுபத்தைந்து வயது முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் இருட்டிலிருந்து எழுந்து வருகிறது. கடைசிக் காலத்தில் இலங்கையில் குடியேறி 1879இல் அங்கேயே இறந்த கேமரன், அந்தச் சுருக்கங்களுக்காகவே வெளிச்சத்தை அமைத்தார். அழைப்பிதழுக்கு அப்படி ஒரு படம் வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுச் சுவருக்குக் கேட்கலாம்.

ஸ்டூடியோவில் படத்தைக் கொடுக்கும்போது "நல்லா பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நெற்றியில் பாதி குறைத்தால் போதும், கண்ணோரத்தில் கால்வாசிக்கு மேல் வேண்டாம், மச்சத்தையும் தழும்பையும் தொட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் படத்தைப் பெரியவரிடமே காட்டிச் சம்மதம் கேளுங்கள். திருத்தாத மூலப் படத்தையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.