யூடியூபுக்கு ஒரு பிரதி, காப்புக்கு ஒரு பிரதி

பத்து நிமிட ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்து, கலர் சரிபார்த்து முடித்துவிட்டீர்கள். ஃபுல் எச்டி, நொடிக்கு 25 ஃப்ரேம். யூடியூபில் ஏற்ற எச்.264 கோப்பு ஒன்று எடுத்தால் சுமார் 600 எம்பி வரும். பலர் இதையே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, பழைய புராஜெக்டை அழித்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பார்ப்பதற்கு அந்தக் கோப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கண் கவனிக்காது என்று கணித்த விவரங்களையெல்லாம் அது கழித்திருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட்டில் 1024 படிகள் இருந்த இடத்தில், வழக்கமான 8 பிட் எச்.264-இல் 256தான் மிஞ்சும். சில ஆண்டுகள் கழித்து அந்திவானக் காட்சியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பாருங்கள். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழும். யூடியூபிலிருந்து திரும்ப இறக்கினால் இன்னும் மோசம், ஏற்றிய கோப்பை அது மறுபடியும் சுருக்கித்தான் வைத்திருக்கும்.

"மாஸ்டர்" என்று ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் கொடுப்பது புரோரெஸ் 422 எச்க்யூ. நம் படத்துக்குச் சுமார் 14 ஜிபி. மிகத் தரமானது, மறு எடிட்டுக்கு ஏற்றது. ஆனாலும் அதிலும் சிறு இழப்பு உண்டு.

ஒரு புள்ளிகூட மாறாமல் சுருக்குவது எஃப்எஃப்வி1. இதன் விவரக்குறிப்பு 2021-இல் ஆர்எஃப்சி 9043 ஆக வெளியானது. எந்த நிறுவனத்தின் உரிமத்துக்கும் கட்டுப்படாதது. முதலில் எடிட்டிங் மென்பொருளில் 10 பிட் 4:2:2 அன்கம்ப்ரெஸ்டு மூவ் எடுங்கள். அது சுமார் 83 ஜிபி இருக்கும். பிறகு:

```
ffmpeg -i master.mov -map 0:v -map 0:a -c:v ffv1 -level 3 -g 1 -slicecrc 1 -c:a copy master.mkv
```

அளவு எவ்வளவு குறையும் என்பது படத்தைப் பொறுத்தது. இரவில் எடுத்த, புள்ளி மிகுந்த காட்சிகள் குறைவாகவே சுருங்கும்.

இழப்பில்லை என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், சரிபார்க்கலாம். கீழே உள்ளதை இரண்டு கோப்புகளுக்கும் தனித்தனியே ஓட்டுங்கள்:

```
ffmpeg -i master.mkv -map 0:v -f md5 -
```

இரண்டிலும் ஒரே எண்வரிசை வந்தால் படம் அப்படியே இருக்கிறது. அதன்பிறகே 83 ஜிபியை அழியுங்கள். இழப்பின்மை என்பது அந்த மூவ் கோப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 4:2:2 எடுத்தபோதே நிறத்தின் நுணுக்கம் ஓரளவு குறைந்திருக்கும்.

சப்டைட்டிலைப் படத்தின்மேல் பதிக்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். பேச்சு, இசை, சத்தங்களையும் தனித்தனி வேவ் ஆக எடுத்துவிடுங்கள். வேறு மொழியில் டப்பிங் கேட்டால் ஏற்றிய பிரதி உதவாது, இவைதான் உதவும்.

எஃப்எஃப்வி1 போனில் பெரும்பாலும் ஓடாது, சில எடிட்டிங் மென்பொருள்களும் திறக்காது. விஎல்சியில் பார்க்கலாம், எடிட்டுக்கு மறுபடி மூவ் ஆக்கிக்கொள்ளலாம். கட்டளையில் உள்ள `-slicecrc 1` ஒவ்வொரு ஃப்ரேமின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கிறது. ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் படத்தில் ஏதாவது கெட்டிருந்தால், மேலே சொன்ன சோதனையை ஆண்டுக்கொருமுறை ஓட்டும்போது பிழைச் செய்தி வரும். அப்போது இரண்டாவது டிஸ்க்கில் வைத்த பிரதியிலிருந்து புதிதாக நகல் எடுத்துவிடலாம்.